நிற்காதவனின் போட்டோ

ஸ்டூடியோவில் நேற்று பழைய சிடிக்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு வெளியே தள்ளச் சொன்னார் ஓனர். தள்ளும் முன் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒன்றில் கல்யாணம், ஒன்றில் காதுகுத்து. மூன்றாவதில் நீங்கள் ஊரெல்லாம் காட்டக் கிளம்பிய அந்தப் படம் இருந்தது, பெரியப்பா. கடலோரத்தில் உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். ஆறு வருஷமாயிற்று. வேலையை அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பேச்சில் உங்களை நான் ‘நீ’ என்றுதான் சொல்வேன். நம் குப்பத்தில் அப்பாவையே அப்படித்தான் சொல்கிறோம். பேனாவை எடுத்தால் மட்டும் ‘நீங்கள்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இல்லாதபோதாவது கொஞ்சம் மரியாதை கொடுக்கிறேன்.

அந்தப் படம் எப்படிப் பிறந்தது என்று உங்களுக்கு ஒருதரம் விளக்கினேன். அது நடந்த விதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இன்னொருதரம் சொல்கிறேன், முதலிலிருந்து.

பெரியவன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. போவதற்கு முந்தின நாள்தான், மணலி பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைக்கும் என்று வந்து சொன்னான். நீங்கள் வலை பின்னிக்கொண்டிருந்தீர்கள். “கடலுக்குப் பயந்துகினு கம்பெனிக்கு ஓட்றியா? இனிமே என் மூஞ்சில முழிக்காத” என்றீர்கள். குப்பமே கேட்டது, நானும் கேட்டேன். மறுநாள் காற்று சரியில்லை என்று யாருமே படகு இறக்கவில்லை. அவன் மட்டும் தனியாக இறக்கினான். இரண்டு நாள் கழித்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே படகு கவிழ்ந்து கிடந்தது. அவன் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காததால் காரியம் செய்ய நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசியும் பார்த்தார்கள். “அவன் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?” என்று அவர்களையே திருப்பிக் கேட்டீர்கள். பிறகு கடலுக்குப் போவதை நிறுத்தினீர்கள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். பெரியம்மா தட்டில் சோற்றைப் போட்டு வைப்பாள், அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து அதன்மேல் படியும், சாயங்காலம் எடுத்துக் கொட்டுவாள்.

சின்னவன் மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சீசன் முடிந்து வந்தவன், மறுபடி கிளம்பும் முன் ஸ்டூடியோவுக்கு வந்தான். “நானும் அண்ணனும் ஒண்ணா நின்னு ஒரு போட்டோகூட இல்ல. நீ கம்ப்யூட்டர்ல சேப்பியாமே, பண்ணிக் குடு” என்றான். கையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. மீனவர் சங்க அட்டையில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் பாஸ்போர்ட் சைஸ் படம், மோவாயின் மேல் பாதி வட்டமாய் ரப்பர் ஸ்டாம்ப்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருவொற்றியூர் மார்க்கெட்டைச் சுற்றி இந்த வேலை தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்ற திமிர் வேறு. சின்னவனை நீலத்துணி முன்னால் நிற்கவைத்து, புதிதாய் வாங்கியிருந்த டிஜிட்டல் கேமராவில் இரண்டு படம் எடுத்தேன். ஒன்று வெள்ளைச் சட்டையில், அவனாகவே. இன்னொன்று ஓனரின் கட்டம் போட்ட சட்டையில், கொஞ்சம் தள்ளி நின்று, அண்ணனுக்காக. உடம்பு இரண்டுமே அவன்தான். சங்க அட்டைப் படத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினேன். ஸ்டாம்ப் மைமேல் பக்கத்திலிருந்த தோலை எடுத்து எடுத்து ஒட்டி அழித்தேன். அந்தப் படத்தில் வெளிச்சம் முகத்தின் மறுபக்கத்திலிருந்து விழுந்திருந்தது. உடம்போடு சேர வேண்டுமே என்று முகத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். சின்னவன் கழுத்திலிருந்து தோல் நிறத்தை எடுத்து, கறுப்பு வெள்ளை முகத்தின்மேல் மெல்லப் பூசினேன். கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் ஓரத்தை மங்கலாக்கினேன். பின்னால் ஒரு கடல் வேண்டியிருந்தது. கடையில் விற்கும் பின்னணிப் படங்கள் சிடி ஒன்று எங்களிடம் இருந்தது. அருவி, ரோஜாத் தோட்டம், பனிமலை, கடற்கரை என்று நூறு படம். அதில் அழகாயிருந்த ஒரு கடற்கரையை எடுத்துப் போட்டு, இருவர் காலடியிலும் நிழல் வரைந்து மங்கலாக்கினேன். மூன்று நாள் வேலை. சின்னவன் பார்த்துவிட்டு அழுதான். “வூட்ல குட்த்துடு” என்று சொல்லிவிட்டு ரயிலேறினான். கடலுக்குள் போய்விட்டால் அவனை எந்த போனிலும் பிடிக்க முடியாது.

புதன்கிழமை வேலைக்கு வரும் வழியில் வாசலிலேயே பெரியம்மாவிடம் கவரைக் கொடுத்தேன். “சின்னவன் குட்த்தான். அவனும் அண்ணனும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பஸ் போய்விடும் என்ற அவசரம் ஒரு பக்கம். உள்ளே நீங்கள் பார்த்து அசந்துபோய், யார் செய்தது என்று கேட்கட்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். இது கம்ப்யூட்டரில் சேர்த்தது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

ஒன்பது நாள் கழித்து நீங்களே ஸ்டூடியோவுக்கு வந்தீர்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். முகம் மழித்திருந்தது. வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு. மூன்று வருஷமாய் நான் பார்க்காத மனிதர். சட்டைக்குள்ளிருந்து கவரை எடுத்து மேஜையில் வைத்தீர்கள்.

“இத்த சின்னதா ஒண்ணு போட்டுக் குடுமா. ஜோபில வெக்கறா மாதிரி.”

“எதுக்கு பெரிப்பா?”

“மங்களூர் போறேன். ஞாயித்துக்கெயம ரயிலு. துறை துறையா காட்டிக் கேக்கணும்.”

எனக்கு விளங்கவில்லை. சின்னவனைப் பார்க்கத்தான் போகிறீர்களோ என்று நினைத்தேன். நீங்கள் படத்தில் விரலை வைத்தீர்கள். எனக்கு ஒரு பாடமே நடத்தினீர்கள்.

“இத்தப் பாரு. சூரியன் கடல்மேல கீது. நம்ம கரையா இருந்தா இது காலைல. ஆனா இந்த மூலைல பாரு, பொட்டிக்கடைல பெட்ரோமாக்ஸ் ஏத்திக்கீறான். விடிஞ்சி வெயில் வந்தப்புறம் எவனாவது வெளக்கு ஏத்துவானா? அப்போ இது சாய்ங்காலம். சாய்ங்காலத்துல சூரியன் கடல்ல எறங்குதுன்னா, அது மேக்குக் கரை. இந்தப் படகோட மூக்கப் பாரு, எவ்ளோ ஒசரம் தூக்கி கட்டிக்கீறான். அந்தப் பக்கத்து வள்ளம்மா இது. பெரியவன் அங்கதான் கீறான். எவனோ தூக்கிப் போட்டு காப்பாத்திக்கீறான். சின்னவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்றான். நான் மூஞ்சில முழிக்காதன்னு சொன்னேன் இல்ல? அதான் வராம கீறான்.”

அந்தப் பெட்ரோமாக்ஸை மூன்று நாள் முகத்துக்கு நேராக வைத்து வேலை செய்த நான் பார்த்ததே இல்லை. அந்த விளக்கிலிருந்து மேற்குக் கரைவரை நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நீங்கள் படித்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கடல் மேற்குக் கடலாகவே இருக்கலாம். அவன்தான் அங்கே இல்லை.

“போய் இன்னா செய்யப் போற பெரிப்பா?”

“கால்ல வுழுவேன்” என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

அறுபத்தெட்டு வயது, மாடிப்படி ஏறினால் இழுக்கும் நெஞ்சு. தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. இந்தப் படத்தைக் காட்டிக் காட்டி ஏதாவது ஒரு துறையில் விழுந்துகிடப்பீர்கள் என்று எனக்குத் தோன்றியது. அங்கேயே சொல்லிவிட்டேன். இது நிஜ போட்டோ இல்லை, நான் சேர்த்தது என்று.

நீங்கள் என்னை இரக்கமாகப் பார்த்தீர்கள். “சின்னவன் அப்டி சொல்லச் சொன்னானா?”

“இல்ல பெரிப்பா. நெசமா நான்தான் பண்ணேன்.”

“நிக்காதவன எப்டிமா போட்டோ புடிப்பாங்க? ஆளு நின்னாத்தானே வுழும்?”

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத்தானே இருக்கணும், இதில் பளிச்சென்று இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தேன். “ஃப்ளாஷ் அட்ச்சிருப்பான்” என்றீர்கள். நாங்களும் அப்படித்தான் அடிப்போம்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கண்ணாலேயே காட்டுகிறேன் என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தலையில்லாத உடம்பு எதுவும் திரையில் வந்துவிடக் கூடாதே என்பதுதான் பெரிய கவலை. எதை முதலில் மறைப்பது, எதைப் பிறகு என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பெரியம்மா உள்ளே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுக்குப் பிடித்த அந்தப் பெரிய மானிட்டரில் படத்தைத் திறந்தேன்.

“பெரிப்பா, இது ஒரே படம் இல்ல. கண்ணாடித் தகடு மேல தகடா அடுக்கிக்கீது. ஒண்ணுல கடலு. ஒண்ணுல சின்னவன். ஒண்ணுல பெரியவன் மூஞ்சி. மேலேந்து பாத்தா ஒண்ணாத் தெரியுது. எது வாணாமோ அத்த மறைச்சிக் காட்டலாம். இங்க ஓரத்துல கண்ணு மாதிரி ஒரு பொம்ம கீது பாரு, அத்த அமுக்கினா மறையும். திருப்பி அமுக்கினா வரும்.”

பெரியவனின் முகத் தகட்டுக்கு நேரே இருந்த கண்ணை அமுக்கினேன். முகம் போயிற்று. அடியில் சின்னவனின் சொந்த முகம் இருந்தது. கட்டம் போட்ட சட்டையில் ஒரு சின்னவன், வெள்ளைச் சட்டையில் ஒரு சின்னவன், கடற்கரையில் இரட்டைப் பிள்ளைகளாய் நின்றார்கள்.

நீங்கள் முன்னால் சாய்ந்தீர்கள். “இவன் இன்னா ரெண்டு பேரா கீறான்?”

“ரெண்டு வாட்டி எடுத்தேன். ஒண்ணு அவன், ஒண்ணு அண்ணனுக்கோசரம். சட்ட எங்க ஓனருது.” சட்டையையும் கொக்கியிலிருந்து எடுத்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்தீர்கள்.

“மூஞ்சி?”

சங்க அட்டையை ஸ்கேன் பண்ணியதைத் திறந்தேன். திரை நிறைய பெரியவனின் முகம், மோவாயில் ஸ்டாம்ப். ஸ்டாம்ப்மேல் பக்கத்துத் தோலை எடுத்து எப்படி ஒட்டினேன் என்று கொஞ்சம் செய்து காட்டினேன். வட்டத்தின் ஒரு ஓரம் அழிந்தது. முகத்தைத் திருப்பியதையும் நிறம் பூசியதையும் காட்டினேன்.

“கடலு?” என்றீர்கள்.

கடலின் கண்ணை அமுக்கினேன். சூரியன், வள்ளம், பெட்டிக்கடை எல்லாம் போயின. பிள்ளைகளின் பின்னால் சாம்பலும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் மட்டும் இருந்தன. அங்கே ஒன்றுமில்லை என்பதற்கு கம்ப்யூட்டர் காட்டும் அடையாளம் அது.

“மறுபடி போடு” என்றீர்கள். போட்டேன். “அவனையும் போடு.” போட்டேன். இரண்டு பேரும் மறுபடி கடற்கரையில் நின்றார்கள். உங்கள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “இப்போ இது எல்லாம் நெசம்தானே?” என்றீர்கள்.

நான் இத்தனை நேரம் காட்டியதெல்லாம் உங்களுக்கு ஏதோ கம்ப்யூட்டர் நிஜப் படத்தைக் கலைத்துக் கலைத்துச் சேர்ப்பதாகத்தான் தெரிந்திருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. “கொஞ்சம் எழுந்து நில்லு பெரிப்பா” என்றேன்.

உங்களை நீலத்துணி முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். கேமராவின் வயரை கம்ப்யூட்டரில் சொருகினேன். உங்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாய்க் கோடு போட்டு, துணியை வெட்டி எறிந்தேன். உயரம் கொஞ்சம் குறைத்து, பெரியவனுக்கு இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். காலடியில் ஒரு நிழல். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஓரமெல்லாம் முரடாகத்தான் இருந்தது. ஆனாலும் நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு மேற்குக் கரையில், பிள்ளைகள் பக்கத்தில், சூரியன் இறங்கும் கடல் முன்னால் நின்றீர்கள்.

நீங்கள் ரொம்ப நேரம் பார்த்தீர்கள். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“நான் அங்க போவலியே” என்றீர்கள்.

“ஆமா பெரிப்பா.”

“நான் இங்கதானே கீறேன்.”

“ஆமா.”

“அப்போ அவனும் போவல.”

நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதில் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டீர்கள். நான் அசட்டுத்தனமாய், “இந்த மூணு பேர் படத்த நல்லா பண்ணி பிரின்ட் போட்டுத் தரட்டா பெரிப்பா?” என்று கேட்டேன். ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் போலிருந்தது.

“வாணாம்மா. அவன் கோவமாப் போனான். என் பக்கத்துல வந்து நிக்க மாட்டான். அவன நிக்க வெக்காத.”

அதைச் சேமிக்காமலே மூடினேன். பெரியம்மா உங்கள் கையைப் பிடித்துப் படியிறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை ரயில் நீங்கள் இல்லாமல் போயிற்று.

அடுத்த அமாவாசைக்குக் காரியம் செய்தீர்கள். கடலில் இறங்கி முங்கும்போது உங்கள் விலா எலும்பெல்லாம் எண்ணும்படி இருந்தது. ஊரே சொன்னது, பெரியவர் மனசு தேறிட்டார், அந்தப் பொண்ணு நல்லபடியா எடுத்துச் சொல்லிச்சு என்று. சின்னவன் திரும்பி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டான். எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. நீங்கள் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். எட்டு மாதத்தில் போய்விட்டீர்கள். நெஞ்சுச் சளி என்றுதான் டாக்டர் சொன்னார்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் பெரியம்மா என்னிடம் பேசினாள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடுதாசியே.

மீன் கழுவிக்கொண்டே சொன்னாள், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பெரியவனுக்கு இட்து புருவத்துல தூண்டில் முள்ளு குத்தின தழும்பு கீது. சின்னதுல நான்தான் மஞ்சள் வெச்சிக் கட்டினேன். நீ குட்த்த படத்துல அது வல்து பக்கம் இருந்துச்சி. கவரப் பிரிச்சதுமே பாத்துட்டேன். இவன் நெசம் இல்லன்னு அன்னிக்கே தெரியும்.”

வெளிச்சம் சேரட்டும் என்று நான் முகத்தைத் திருப்பினேன் அல்லவா, தழும்பும் கூடவே திரும்பிவிட்டது. வேலை தெரிந்தவள் என்று பீற்றிக்கொண்ட எனக்கு அது கண்ணில் படவில்லை.

“தெரிஞ்சிகினு ஏன் பெரிம்மா சொல்லல?”

“அன்னிக்கி ராவு எழுந்து உக்காந்து சோறு கேட்டாரு. மூணு வருசம் கயிச்சி. மறுநாளு சவரம் பண்ணிக்கினாரு. பெரியவன் வந்தா இத்தச் சொல்லணும், அத்தச் சொல்லணும்னு பேசிக்கினே இருந்தாரு. எந்த வாயால சொல்லுவேன்? ரயிலேறிப் போவட்டும்னு வுட்டேன். நானும் கூடப் போலாம்னு இருந்தேன். தேடிக்கினே இருந்திருப்பாரு.” மீனை அலசி இன்னொரு சட்டியில் போட்டாள். “உன்னத் தப்பு சொல்லல. நீ நெசத்தச் சொன்ன.”

இதை நான் ஐந்து வருஷமாய்ப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். உங்களைப் போகவிட்டிருக்க வேண்டுமா? ஏதோ ஒரு துறையில், பாஷை தெரியாத மனிதர்கள் நடுவில், பொய்ப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு செத்திருப்பீர்கள். அல்லது அலைந்து அலைந்து இன்னும் இரண்டு வருஷம் இருந்திருப்பீர்கள். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்தச் சனிக்கிழமை வந்தால் நான் சொல்லத்தான் செய்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஒன்பது நாளில் உங்களை வந்து பார்க்காமல் போனேனே என்று வயிறு எரிகிறது. எதிர்த்த தெருவில்தான் இருந்தேன். பேசிக்கொண்டிருந்த உங்களை நான் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

இப்போது இந்த வேலை ரொம்பப் பெருகிவிட்டது. பேசின் பிரிட்ஜிலிருந்தும் வருகிறார்கள், வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். செத்துப்போன அப்பாவைப் பெண்ணின் கல்யாண மேடையில் ஏற்றச் சொல்கிறார்கள். பிறந்து பத்து நாளில் போன குழந்தையை அம்மா மடியில் வைக்கச் சொல்கிறார்கள். நான் செய்து கொடுக்கிறேன். தழும்பு எந்தப் பக்கம், மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். படத்தின் பின்புறம் ‘கம்ப்யூட்டரில் சேர்த்தது’ என்று பேனாவால் எழுதுகிறேன். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அழைத்து வரச் சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, கவரைக் கையில் கொடுக்கும் முன் வாய்விட்டுச் சொல்கிறேன். தாத்தா, இவர் இங்க நிக்கல, நான் நிக்க வெச்சேன். இரண்டு தரம் சொல்கிறேன். சில பேர் முகம் சுளிக்கிறார்கள், சில பேர் தெரியும்மா என்று அழுகிறார்கள். எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன், பெரியப்பா.

உங்களுக்கு மட்டும்தான் சொல்லாமல் கொடுத்தேன்.